கடற்கரை எச்சரிக்கைப் பலகை: தமிழ் மேலே என்பது சரி, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக?

ஊராட்சிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊராட்சியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கரை தென்கடல் பக்கம். வடகடல் போல மெதுவாக ஆழமாகாது, நாலு எட்டு வைத்தால் இடுப்பளவு, அடுத்த எட்டில் கால் எட்டாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உள்ளே இழுக்கவும் செய்யும். ஞாயிறு வந்தால் மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து வேன் வேனாக வருகிறார்கள். ராமேசுவரம் போய்விட்டுத் திரும்பும் வடமாநிலத்துக்காரர்களும் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள்.

அதனால் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம். 6 அடி அகலம், 4 அடி உயரம். வண்டி நிற்கும் உடைமரங்களுக்கும் பலகைக்கும் 15 மீட்டர் தூரம். கடைக்காரர் அனுப்பிய மாதிரியில் மேலே ஆங்கிலத்தில் "டேஞ்சர்" என்று சிவப்பில் தடியாக ஒரு சொல், அதன் கீழ் ஆங்கில வாசகம், அதற்கும் கீழே தமிழ் ஒல்லியாக, பக்கவாட்டில் நசுக்கி, ஒரே வரியில். உறுப்பினர் ஒருவர் தமிழ்தான் மேலே வரவேண்டும் என்கிறார். இன்னொருவர், நம் ஊர்க்காரனுக்குக் கடல் தெரியும், வெளியூர்க்காரனுக்குத்தான் பலகை, ஆங்கிலம் பெரிதாகவே இருக்கட்டும் என்கிறார். தலைவர் என்னைப் பார்க்கிறார். எதை மேலே போடுவது, எது எவ்வளவு பெரிதாக, இரண்டும் தடி எழுத்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விகிதம் வேல்

இதில் விவாதத்துக்கே இடமில்லை தம்பி. தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2. தமிழ் மேலே. கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், அளவுகோல் வைத்துப் போட்டுக்கொடுப்பார். மீறினால் அபராதம்.

கீழக்கரைக் காக்கா

அபராதம் என்றதும் எட்டிப் பார்த்தேன். நம்ம கடைப் பலகையில் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் ஓரத்தில் சின்னதாகவும் போட்டிருக்கிறது, பதினைந்து வருஷப் பலகை. இப்போது மாற்றச் சொல்வார்களா? மாற்றினால் விளக்குப்பெட்டி முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால் நல்லது.

பலகை மேஸ்திரி

காக்கா, உங்கள் கேள்விக்குத் தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன். வேல் அண்ணன் சொன்ன 5:3:2 உங்களுக்குத்தான் பொருந்தும். அது 1948-ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் விதிகளை ஒட்டி, பெயர்ப்பலகைக்காகச் சொல்லப்படும் விகிதம். கடலில் இறங்காதே என்று ஊராட்சி வைக்கும் பலகை கடைப் பெயர்ப்பலகை இல்லை. தமிழ் முதலில் என்ற வழக்கத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அந்த மூன்று எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து இங்கே ஒட்டினால் என்ன ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நான் ராமநாதபுரத்தில் தூரிகை பிடித்துத் தொடங்கியவன். இப்போது கணினியில் வெட்டி ஒட்டுகிறேன். இருமொழிப் பலகையில் முதலில் கேட்க வேண்டியது எந்த மொழி பெரிது என்று இல்லை. எந்தத் தூரத்தில் நிற்பவன் படிக்க வேண்டும் என்பதுதான். உங்களுக்கு 15 மீட்டர். வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, மணலில் கால் வைக்கும் முன் படித்திருக்க வேண்டும். நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது தூரத்தை 200-ஆல் வகுப்பது. 15 மீட்டருக்கு 75 மில்லிமீட்டர். எழுத்தின் உடல் அதற்குக் குறைந்தால் கண்ணாடி போட்டவர் தடுமாறுவார். இதை இரண்டு மொழிக்கும் தரைமட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வாசகம் எந்த மொழியிலும் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனும் அதே கடலில்தான் இறங்குகிறான்.

தரைமட்டத்தைப் போட்டபின் மீதி இடத்தில் தமிழைப் பெரிதாக்குங்கள். அதற்குக் காரணம் மரியாதை மட்டுமில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடும் வெட்டும். தமிழ் எழுத்துக்கு உள்ளே சுழி, வளைவு, தலைக்கு மேலே புள்ளி, இகர விசிறி. ஒரே உயரத்தில் இரண்டையும் வைத்தால் தமிழ்தான் முதலில் மங்கும்.

விகிதம் வேல்

கடைக்குத்தான் விதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசு அலுவலகப் பலகை கடைப் பலகையை விடத் தளர்வாக இருக்கலாமா? ஊராட்சியே முன்மாதிரியாக இருக்க வேண்டும். 5-க்கு 3 என்றால் 5-க்கு 3.

தொண்டி டீச்சர்

வேல் சார், எதில் 5-க்கு 3? உயரத்திலா, பரப்பிலா? நான் கணக்கு டீச்சர், கேட்காமல் இருக்க முடியவில்லை. உயரம் 5-க்கு 3 என்றால், அகலமும் கூடவே வளர்வதால் ஒரு எழுத்து அடைக்கும் பரப்பு 25-க்கு 9, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பரப்பு 5-க்கு 3 என்றால் உயரம் 1.3 மடங்குகூட வராது. இரண்டும் வேறு வேறு பலகை.

எனக்கு இன்னொரு கருத்தும் உண்டு. எச்சரிக்கையில் இரண்டு மொழியும் ஒரே அளவில் இருப்பதுதான் நியாயம். ரயில் நிலையப் பலகையைப் பாருங்கள். தமிழ் மேலே, மற்றவை கீழே, எழுத்து மட்டும் ஒரே அளவு. வரிசையே முதன்மையைச் சொல்லிவிடுகிறது. அளவு வேறு எதற்கு?

மண்டபம் கைடு

நான் கண்ணாடிப் படகுக்குக் கூட்டம் ஏற்றுகிறவன். சொல்லட்டுமா? எந்தப் பலகையையும் யாரும் படிப்பதில்லை. படகுத்துறையில் உயிர்காப்பு உடையைக் கழற்றாதே என்று இரண்டு மொழியில் பலகை இருக்கிறது. அதன் கீழேயே நின்று, உடையைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வடக்கே இருந்து. அவர்களிடம் தமிழும் எடுபடாது, ஆங்கிலமும் அரைகுறை. இந்தி இல்லாமல் பலகை வைத்து என்ன பிரயோசனம்?

நாட்டுப்படகு

பலகையை எந்தப் பக்கம் நடப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் கரையில் கச்சான் அடித்தால் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். போன பலகை கீழ் வரி முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. மேலே இருந்தது ஆங்கிலம், கீழே போனது தமிழ். இப்போது ஆங்கிலம் மட்டும் நிற்கிறது.

பலகை மேஸ்திரி

நாட்டுப்படகு அண்ணே, நீங்கள் சொன்னதுதான் வரிசைக்கு நான் தரும் முதல் காரணம். பலகையில் எல்லா வரிக்கும் ஆயுள் ஒன்று போல இல்லை. கீழ் வரியை மணல் அரிக்கும், ஆடு உரசும், கல்யாண போஸ்டர் ஒட்டுவார்கள், எருக்கஞ்செடி மறைக்கும். முக்கியமான மொழி மேலே இருந்தால் அதுதான் கடைசி வரை மிஞ்சும். பலகையின் கீழ் விளிம்பே தரையிலிருந்து நாலு அடிக்கு மேலே இருக்கட்டும், மணல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிறமும் அப்படித்தான். ஊராட்சித் தம்பி, உங்கள் மாதிரியில் சிவப்பு எழுத்து என்றீர்கள். நம் வெயிலில், சாதாரண அச்சு மையில் சிவப்புதான் முதலில் வெளிறும், கறுப்பு தாக்குப்பிடிக்கும். ஆரம்பத்தில் "ஆபத்து" சிவப்பில் பளிச்சென்று இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகி வெள்ளைப் பலகையில் கரைந்துபோகும், கறுப்பில் போட்ட மொழி மட்டும் தெரியும். அதாவது நீங்கள் இன்று கொடுக்கும் முதன்மையை வெயில் கொஞ்ச நாளில் தலைகீழாக மாற்றிவிடும். இரண்டு மொழியும் கறுப்பில் இருக்கட்டும். சிவப்பை படத்தின் வட்டத்துக்கும் குறுக்குக் கோட்டுக்கும் மட்டும் வையுங்கள், அதையும் நல்ல தரமான ஒட்டுத்தாளில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

டீச்சர் சொன்ன ஒரே அளவு பற்றி: ரயில் பலகையில் ஒரு ஊர்ப் பெயர், ஒரே சொல். அங்கே ஒரே அளவு எடுபடும். வாசகம் என்று வந்தால் ஒரே அளவு என்று எதைச் சொல்கிறோம் என்பதே தகராறு. கணினியில் இரண்டுக்கும் 200 என்று எண்ணைக் கொடுத்தால் ஒரே அளவு ஆகிவிடாது. அந்த எண் எழுத்தைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் அளவு. தமிழில் அந்தப் பெட்டிக்குள் மேலே விசிறிக்கும் கீழே உகர வாலுக்கும் இடம் விட்டிருப்பார்கள், அதனால் எழுத்தின் உடல் சிறுக்கும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் அது பெட்டியில் அதிக உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் "ரெண்டும் ஒரே சைஸ்தான் சார்" என்று சத்தியம் செய்வார், பொய்யும் இல்லை. ஆனால் பலகையில் தமிழ் தம்பி மாதிரியும் ஆங்கிலம் அண்ணன் மாதிரியும் நிற்கும். எண்ணைப் பார்க்காதீர்கள். அச்செடுத்து, தமிழில் "ம" எழுத்தின் உயரத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். நான் இங்கே சொல்லும் அளவெல்லாம் அந்த அளவுதான்.

ஊராட்சிக்காரன்

அண்ணே, இது தெரியாமல்தான் இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் அனுப்பிய மாதிரியை அளந்தேன். அதில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே எண்தான் கொடுத்திருக்கிறாராம். அளந்தால் தமிழ் "ம" ஆங்கில எழுத்தில் முக்கால்வாசிகூட இல்லை. அப்புறம் வாசகம்: "இப்பகுதியில் கடலில் குளிக்க அனுமதி இல்லை". இது ஒரே வரியில் அடங்கவில்லை என்றுதான் நசுக்கியிருக்கிறார்.

தொண்டி டீச்சர்

அந்த வாசகத்தை முதலில் மாற்றுங்கள். தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. இரண்டு வரியாக உடைத்து "இல்லை" கீழ் வரிக்குத் தனியாகப் போனால், அல்லது அதன்மேல் ஒரு போஸ்டர் விழுந்தால், "கடலில் குளிக்க அனுமதி" என்று பலகை அழைப்பு விடுக்கும். ஆங்கிலத்தில் இந்தக் கவலை இல்லை, மறுப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது. மறுப்பை வினைச்சொல்லுக்குள்ளேயே வையுங்கள். "கடலில் இறங்காதீர்கள்." இரண்டே சொல். "குளிக்காதீர்கள்" என்றால் காலை மட்டும் நனைக்கிறேன் என்பார்கள், அந்தக் கரையில் அதுவே ஆபத்து என்கிறீர்களே.

அளவு விஷயத்தில் மேஸ்திரி சொன்னதைப் பாதி ஏற்கிறேன். ஸ்கேல் வைத்து அளந்தபின் சமமாக வைத்தால் என்ன குறை?

பலகை மேஸ்திரி

வாசகம் அருமை டீச்சர். இனி கணக்கு எளிது.

6 அடி என்றால் 1830 மில்லிமீட்டர். இருபுறமும் 9 சென்டிமீட்டர் விட்டால் 1650 மிச்சம். "கடலில் இறங்காதீர்கள்" சாதாரண அகல எழுத்தில் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய 17 மடங்கு நீளும். எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், நான் Noto Sans Tamil போன்ற ஒன்றை வைத்துச் சொல்கிறேன். 90 மில்லிமீட்டர் உயரம் வைத்தால் 1550 சொச்சம் வரும். ஒரே வரியில் அடங்கும், நசுக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் "டு நாட் என்டர் த சீ" என்று பெரிய எழுத்தில் 75 வைத்தால் 1200-க்குள் வரும். இரண்டுமே 15 மீட்டரில் படிக்கும் அளவு.

டீச்சர் கேட்ட சம அளவில் குறை என்னவென்றால், 75-இல் ஆங்கிலம் தெளிவாகவே நிற்கும், தமிழ் விளிம்பில் நிற்கும். "இறங்காதீர்கள்" என்ற சொல்லில் "ங்" மேல் ஒரு புள்ளி, "ர்" மேல் ஒன்று, "ள்" மேல் ஒன்று, "தீ"யில் சுழி. தூரத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 90 என்பது தமிழுக்குக் கொடுக்கும் சலுகை இல்லை, அதே தூரத்தில் அதே தெளிவுக்குத் தேவைப்படும் அளவு.

இனி வேல் அண்ணனின் 5-க்கு 3, உயரத்தில். ஆங்கிலத்தை 75-க்குக் கீழே இறக்கமாட்டேன் என்றால் தமிழ் 125 ஆக வேண்டும். அப்போது ஒரு வரியில் அடங்காது, "கடலில்" ஒரு வரி, "இறங்காதீர்கள்" ஒரு வரி. இரண்டாவது சொல் மட்டுமே 1450 மில்லிமீட்டர் பிடிக்கும். அதன் பக்கத்தில் நீச்சல் தடைப் படத்துக்கு இடமில்லை. தமிழ் வரிக்கு மேலும் கீழும் விடவேண்டிய இடத்தையும் சேர்த்தால் பலகையின் பாதி உயரம் தலைப்புத் தமிழுக்கே போய்விடும். அல்லது தமிழை 90-இலேயே வைத்து ஆங்கிலத்தை 54-க்கு இறக்கலாம். அப்போது ஆங்கிலம் 11 மீட்டருக்குத்தான் தாங்கும். உடைமரத்தடியில் நிற்பவனுக்கு அது ஒரு கறுப்புக் கோடு.

விகிதம் வேல்

பெரிய பலகை வைத்தால் போகிறது. 8-க்கு 6 வையுங்கள்.

ஊராட்சிக்காரன்

அண்ணே, 6-க்கு 4-க்கே தீர்மானம் போட நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். காற்று வேறு. பெரிய பலகை என்றால் தூணும் பெரிதாக வேண்டும்.

தொண்டி டீச்சர்

மேஸ்திரி கொடுத்த அளவையே வைத்து ஒரு கணக்கு போட்டேன். தமிழ் வரி அடைக்கும் பரப்பு 1550 பெருக்கல் 90. ஆங்கிலம் ஏறக்குறைய 1190 பெருக்கல் 75. முதலாவது இரண்டாவதைப் போல 1.56 மடங்கு. 5-க்கு 3 என்பது 1.67. வேல் சார், பரப்பில் பார்த்தால் நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட வந்துவிட்டது! தமிழ் வாசகம் நீளமாக இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதைப் பார்த்தபின் சம அளவு என்ற என் பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

விகிதம் வேல்

நீங்கள் போட்ட கணக்கு அழகாக இருக்கிறது டீச்சர். ஆனால் நாளைக்கு ஒரு அதிகாரி வந்து டேப்பை நீட்டினால் உயரத்தைத்தான் அளப்பார், பெருக்கல் போடமாட்டார். நான் உயரம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பலகை மேஸ்திரி

அது உண்மைதான், அளப்பவர் உயரத்தைத்தான் அளப்பார். கடைப் பலகை என்றால் நானும் உயரத்தில் 5-க்கு 3 வைத்தே போடுகிறேன், தலைவலி வேண்டாம் என்று. இங்கே மாட்டேன்.

கனம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, கெடுவது அங்கேதான் அதிகம். கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மிகத் தடியான எழுத்தைப் போட்டு, தமிழுக்கும் அதே பெயர் கொண்ட தடி எழுத்தைப் போடுவார். ஆங்கிலம் பிழைத்துக்கொள்ளும். தமிழில் "ண", "ஞ", "ணை" போன்ற எழுத்துகளுக்குள் உள்ள சந்துகள் அடைந்துபோகும். "தண்ணீர்" என்று எழுதிப் பாருங்கள், நடுவில் கறுப்புக் கட்டி இரண்டு தெரியும். சரி, அடைகிறதே என்று பயந்து தமிழை மெல்லிய எழுத்துக்கு மாற்றுவார்கள். அதுதான் உங்கள் மாதிரியில் நடந்திருக்கிறது. தடி ஆங்கிலத்தின் கீழே ஒல்லித் தமிழ். உயரம் சமமாக இருந்தாலும் கண் தடியானதைத்தான் முதலில் படிக்கும். அதாவது வரிசையில் தமிழை மேலே தூக்கி வைத்தாலும், கனத்தால் ஆங்கிலமே முதல் மொழி ஆகிவிடும்.

இதற்கு எழுத்துருவின் பட்டியலில் உள்ள பெயரை நம்பாமல் கோட்டையே அளக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் தமிழில் கோடு 12, 13 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும், உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. 75 மில்லிமீட்டர் ஆங்கிலத்திலும் அதே 12, 13 வரும்படி ஒரு நடுத்தரத் தடியைத் தேர்ந்தெடுங்கள், மிகத் தடி வேண்டாம். கோடு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பலகை ஒரே கையால் எழுதியது போல இருக்கும், தமிழ் உயரத்தால் மட்டும் முந்தும். வெட்டி ஒட்டும் தாளில் இன்னொரு நன்மையும் உண்டு. சந்து அகலமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் துண்டை ஊசியால் சுத்தமாக எடுக்க முடியும். குறுகிய சந்தை எடுக்கும்போது கோடும் சேர்ந்து பிய்ந்து வரும். அவசரத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள்.

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, அதுவும் இரவில் மின்னும் தாளில் என்றால் கோட்டை இன்னும் ஒரு படி மெலிதாக்க வேண்டும், வண்டி விளக்கில் வெள்ளை பரவித் தெரியும். உங்களுக்கு அது வேண்டியதில்லை, இரவில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மண்டபம் கைடு

இரவில்தான் அண்ணே வருகிறார்கள், அது வேறு கதை. என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்தி?

விகிதம் வேல்

ஆரம்பித்துவிட்டீர்களா.

பலகை மேஸ்திரி

அரசியலை விட்டுவிட்டு இடத்தை மட்டும் பேசுகிறேன். மூன்றாவது மொழியும் 15 மீட்டரில் படிக்க வேண்டும் என்றால் அதற்கும் 75 மில்லிமீட்டரும் அதைச் சுற்றி வெள்ளை இடமும் வேண்டும். இந்தப் பலகையில் அதைக் கொடுத்தால் கீழே காரணம் எழுத இடம் இருக்காது, இல்லையென்றால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். கடைசியில் மூன்று மொழியும் படிக்க முடியாத பலகை கிடைக்கும். வடக்கே இருந்து வருபவருக்கு மட்டுமில்லை, எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊர்க்காரருக்கும் உதவுவது படம்தான். நீந்தும் ஆள், மேலே சிவப்பு வட்டம், குறுக்குக் கோடு. 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடப்பக்கம் மேலே வையுங்கள்.

ஆனால் தெலுங்கு, வங்காளம் பேசுகிறவர்களும் வருகிறார்கள். எத்தனை மொழிக்கு எத்தனை பலகை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக ஒரு சிறு பலகை வைக்கலாம், அங்கே அருகில் நின்று படிப்பதால் 25 மில்லிமீட்டர் எழுத்தே போதும்.

நாட்டுப்படகு

படத்தை இடப்பக்கம் வைத்தால் 1550 வரி எங்கே அடங்கும்? நானும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

பலகை மேஸ்திரி

பிடித்துவிட்டீர்கள் அண்ணே! படம் 400, இடைவெளி 50 போனால் 1200 மிச்சம். அதனால் தமிழை இரண்டு வரி ஆக்க வேண்டும். "கடலில்" மேலே, "இறங்காதீர்கள்" கீழே. இரண்டாவது சொல் 90-இல் ஏறக்குறைய 1050, அடங்கும். மறுப்பு முழுச் சொல்லாகத் தனி வரியில் நிற்பதால் டீச்சர் பயந்ததும் நடக்காது. அதன் கீழே ஆங்கிலம் ஒரே வரி 1190, விளிம்போடு விளிம்பாக உட்காரும். இரண்டு தமிழ் வரிக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். ஆங்கில வழக்கத்தில் கொடுக்கும் வரி இடைவெளியை அப்படியே கொடுத்தால் மேல் வரியில் உள்ள "டு" வகை வாலும் கீழ் வரியில் உள்ள விசிறியும் முட்டிக்கொள்ளும். உங்கள் வாசகத்தில் மேல் வரியில் வால் இல்லை, தப்பித்தீர்கள். கீழே வரும் காரண வரிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து மேல் பாதி முடிந்தது. கீழ்ப் பாதியில் காரணத்தை முதலில் முழுக்கத் தமிழில் இரண்டு வரி, பிறகு முழுக்க ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள், படிக்கிறவன் ஒவ்வொரு வரியிலும் தன் மொழியைத் தேட வேண்டியிருக்கும். இதை அருகில் வந்துதான் படிப்பார்கள், தமிழ் 30, ஆங்கிலம் 25 போதும். கடைசியில் அவசர எண்கள் 108, 1093. எண் இரு மொழிக்கும் பொது, ஒரே முறை, பெரிதாக. அதை மொழிக்கு ஒரு முறை எழுதி இடத்தை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

பக்கத்தில் பக்கமாக, இடது பாதி தமிழ், வலது பாதி ஆங்கிலம் வைக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். பாதிப் பலகையில் "இறங்காதீர்கள்" 70 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நீள அறிவிப்புகளுக்கு அது நல்ல முறை, இதற்கு இல்லை.

ஊராட்சிக்காரன்

எல்லாவற்றையும் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். "இறங்காதீர்கள்" என்ற சொல்லை மட்டும் முழு அளவில் தாளில் எடுத்து, ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தார். பலகை வரவேண்டிய இடத்தில் கம்பில் கட்டி, மாலை வெயில் பலகைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் உடைமரத்தடியில் நின்று பார்த்தோம். வெயில் எதிரே இருக்கும் நேரம் பார்க்கச் சொன்னது டீச்சர், தனிச்செய்தியில். கண்ணாடி போட்ட தலைவர் படித்துவிட்டார், பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு பெரியம்மாவும் எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் தடி எழுத்திலும் ஒன்று எடுத்து வந்திருந்தார். அதில் "ங்" அடைந்துபோய்ப் புள்ளியும் எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபின் அவரும் வாதாடவில்லை.

ஒன்று மட்டும் முடியவில்லை. முதல் உறுப்பினர், 90-க்கு 75 என்பது தமிழைப் பெரிதாக்கியது போலவே தெரியவில்லை, ஒரே அளவு மாதிரித்தான் இருக்கிறது என்கிறார். இரண்டாமவர் ஆங்கிலம் இன்னும் பெரிதாக வேண்டும் என்கிறார். இரண்டு பேரும் திருப்தி இல்லை என்கிறார்கள். தலைவர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

பலகை மேஸ்திரி

கூட்டத்துக்கு முன் கடைக்காரரின் கோப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பு இடம் மாறி, "கொ" என்பதில் "க" முன்னாலும் கொம்பும் காலும் அதன் பின்னாலும் விழும். காரண வரியில் கொம்பு எழுத்து இருந்தால் கட்டாயம் பாருங்கள். அளவு சண்டை முடிந்து, எழுத்துப் பிழையோடு பலகை ஏறிய ஊர்கள் எனக்குத் தெரியும்.

கீழக்கரைக் காக்கா

தனி இழை போட்டேன், யாரும் வரவில்லை. விளக்குப்பெட்டிக்கு அந்த 5-க்கு 3 உயரமா, பரப்பா?

விகிதம் வேல்

உயரம்.

தொண்டி டீச்சர்

எதில் எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள் சார், ஒத்துக்கொள்கிறேன்.